குளிர்காலையில் தயங்கும் கார்

டில்லியிலும் அதற்கு வடக்கேயும் குடியேறி வாழும் நம்மவர்க்கு மார்கழி, தை மாதங்களின் காலைப்பொழுது ஒரு சோதனைக் காலம். சென்னையிலோ மதுரையிலோ ஒருநாளும் தகராறு செய்யாத கார், இங்கே ஐந்தாறு டிகிரிக் குளிரில் சாவியைத் திருப்பியதும் ‘உர்... உர்...’ என்று இழுத்துப் பேசும். விளக்குகள் மங்கும், இயந்திரம் அரைமனத்தோடு சுழலும். அவ்வேளையில் தெருக்கோடியில் உள்ள கடைக்காரர் வந்து பார்த்து, “பாட்டரி கதம்” என்று இரண்டே சொற்களில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

எங்கள் வீட்டிலும் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டோம். பழைய பாட்டரியைக் கொடுத்துக் கழிவு பெற்றுப் புதியது வாங்கினோம். நான்கு நாட்கள் கார் துடிப்போடு கிளம்பிற்று. ஐந்தாம் நாள் பனி மூடிய காலையில் மறுபடியும் அதே இழுவை. அதன் பிறகே குற்றம் வேறெங்கோ இருக்கிறது என்று தேடத் தொடங்கினோம்.

குளிரில் என்ன நேர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். எண்ணெய் தடித்துவிடுவதால் இயந்திரத்தைச் சுழற்றக் கூடுதல் வலிமை வேண்டும். பாட்டரியின் வலிமையோ குளிரில் குறைகிறது. ஆகவே கோடையில் வெளித்தெரியாமல் ஒளிந்திருந்த சிறு தடை குளிரில் தன் முகத்தைக் காட்டிவிடுகிறது. சிறு தடை என்றால் எவ்வளவு சிறிது? ஸ்டார்ட்டர் மோட்டார் இயந்திரத்தைச் சுழற்றும்போது ஏறக்குறைய 150 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. வழியில் ஓம் அளவில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலும், 150-ஐ அதனால் பெருக்க, ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகிறது. முகப்பு விளக்குக்கு அத்தனை மின்சாரம் வேண்டுவதில்லை. அதனால் விளக்கு நன்றாக எரியும், மோட்டார் மட்டும் தள்ளாடும்.

இத்தடை பெரும்பாலும் இரண்டு இடங்களில் குடிகொள்கிறது. ஒன்று, பாட்டரியின் முனைகளில் பூத்திருக்கும் உப்பு. மற்றொன்று, பலர் எண்ணிப் பாராத எர்த் பட்டை.

முனைகளை முதலில் கவனிப்போம். பாட்டரியின் அமிலமும் அதன் ஆவியும் முனையின் அடியிலிருந்து கசிந்து, ஈயத்தின்மீது வெள்ளைப் பொடியாகவும், செம்பு உள்ள இடத்தில் நீலப்பச்சைக் களிம்பாகவும் பூக்கின்றன. வெளியே தெரியும் பூவைவிட, முனைக்கும் கவ்விக்கும் நடுவே படரும் மெல்லிய கறுப்புப் படலமே பொல்லாதது. ஆதலின் மேலே துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்வது பயன் தராது. கவ்வியைக் கழற்றியே ஆகவேண்டும்.

சாவியை எடுத்துவிட்டு, முதலில் எதிர்முனையை, அதாவது கறுப்புக் கம்பியைக் கழற்றுக. நேர்முனையை முதலில் தொட்டால், ஸ்பானர் காரின் உடலில் பட்டு நெருப்புப் பொறி பறக்கக் கூடும். மாட்டும்போது கறுப்பு கடைசி. கவ்வி இறுகிப்போயிருந்தால் சுத்தியால் தட்டலாகாது. முனை விரிசல் விட்டுவிடும். நட்டைத் தளர்த்திக் கவ்வியின் வாயைச் சற்றே அகட்டினால் போதும்.

ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்துக்கொள்க. இந்தப் பக்கத்து மளிகைக் கடையில் ‘மீட்டா சோடா’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பாட்டரியின் மூடிகள் இறுக மூடியிருக்கின்றனவா என்று பார்த்த பின்பே ஊற்றவேண்டும். சோடா உள்ளே போனால் அமிலம் கெட்டுவிடும். நுரை அடங்கும்வரை பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல நீரால் கழுவித் துடைத்துவிடுக. பிறகு முனையின் வெளிப்புறத்தையும் கவ்வியின் உட்புறத்தையும் உப்புத்தாளால் ஈயம் பளிச்சிடும்வரை தேய்க்கவேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்திருப்பது நல்லது. பாட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு எழுவதால், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. கவ்வியை மாட்டி, கையால் திருகினால் அசையாதவாறு இறுக்கிய பின்பு, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம்.

இவ்வளவும் செய்த பிறகு எங்கள் காரில் இழுவை பாதி குறைந்தது, முழுவதும் போகவில்லை.

இங்கேதான் எர்த் பட்டையின் கதை வருகிறது. காரின் இயந்திரம் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் வழியே மின்சாரம் செல்லாது. ஸ்டார்ட்டர் மோட்டாரோ இயந்திரத்தோடு பிணைந்தது. மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிவர ஒரு பாலம் வேண்டுமல்லவா? பின்னிய செம்புக் கம்பியாலோ தடித்த கறுப்புக் கேபிளாலோ ஆன அந்தப் பாலமே எர்த் பட்டை. அது இயந்திரத்தை அல்லது கியர்ப் பெட்டியைப் பாட்டரியின் எதிர்முனையோடும் காரின் உடலோடும் இணைக்கிறது. கீழே மழைநீரும் சேறும் படும் இடத்தில் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

அதனைச் சோதிக்கும் முறை எளிது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்ட்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முள்ளைப் பாட்டரியின் எதிர்முனை ஈயத்தின் மீதும் (கவ்வியின் மீது அன்று), மற்றொன்றை இயந்திரத்தின் பெயிண்ட் இல்லாத இரும்பின் மீதும் அழுத்திக்கொள்க. கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கை இழுத்து, வீட்டார் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுக. சுழலும் அந்த மூன்று நான்கு விநாடிகளில் முள் காட்டும் அளவு 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். எங்கள் காரில் 1.4 காட்டிற்று. அதே வேளையில் பாட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே 10.6 இருந்தது. பாட்டரி தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது, பாலத்தில்தான் பழுது. முனைகளுக்கு நடுவே அது 9.6-க்கும் கீழே விழுந்திருந்தால், பாட்டரிமீது சந்தேகம் கொள்வது நியாயம்.

மீட்டர் இல்லாதவர்க்கும் வழி உண்டு. வண்டிக்கு வண்டி மின்சாரம் கொடுக்கும் தடித்த ஜம்பர் கேபிளின் கறுப்புக் கம்பி ஒன்றை, எதிர்முனைக் கவ்விக்கும் இயந்திரத்தின் வெற்றிரும்புக்கும் நடுவே மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்புக. இயந்திரம் உடனே துள்ளிச் சுழன்றால் பட்டையே குற்றவாளி. வேறோர் அடையாளமும் உண்டு. திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் கிளச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகளின் வழியே ஓடி அவற்றைச் சூடாக்கிவிடும். சில மாதங்களுக்கு முன் எங்கள் கிளச் கேபிளின் உறை உருகியிருந்ததன் காரணம் அன்றுதான் விளங்கிற்று.

பட்டையைக் கியர்ப் பெட்டியிலிருந்து கழற்றினோம். பின்னல் கறுத்து, இழைகளில் பாதி அறுந்திருந்தன. போல்ட்டின் அடியில் பச்சைக் களிம்பு. இரு முனைகளும் பதியும் இடங்களை இரும்பு தெரியத் தேய்த்துவிட்டுப் புதிய பட்டையை இறுக்கினோம். பட்டையின் விலை, பாட்டரியின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மறுபடி அளந்தபோது 1.4 இருந்த இடத்தில் 0.1 காட்டிற்று. மறுநாள் காலை ஆறு மணிக்கு, கண்ணாடியில் பனித்துளி உறைந்திருந்த வேளையில், ஒரே திருப்பில் கார் கிளம்பிற்று.

முனையில் மீண்டும் ஓரிரு வாரத்தில் உப்புப் பூத்தால், இயந்திரம் ஓடும்போது பாட்டரியின் முனைகளை அளந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை முறையான அளவு. 15-ஐத் தாண்டினால் மின்னூட்டம் மிகுந்து அமிலம் பொங்குகிறது என்று பொருள். அதனை மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

எங்கள் பழைய பாட்டரியை அளந்து பார்த்திருந்தால் அது எத்தனை வோல்ட் காட்டியிருக்கும் என்று வீட்டில் இன்றும் பேச்சு வருவதுண்டு. அதுதான் கடைக்காரரிடம் போய்விட்டதே.