ஒரே பூனை, இருபது முறை

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். பணிமாறுதலில் ஓசூரை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளிக்கு வந்தேன். முதல் வகுப்பில் பாதிக்கு மேல் வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைகள். வந்த முதல் மாதத்தில் ஒருநாள் ஒரு பையன் என் மேசை அருகே வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். என்னடா என்றேன். அவன் சொன்னது என் காதில் "கடுப்பு" என்று விழுந்தது. "யார் மேல் கடுப்பு? போய் உட்கார்" என்று அதட்டி அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் அவன் வகுப்பிலேயே வாந்தி எடுத்தான். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திதான் சொன்னாள்: "டீச்சர், அவன் வயிறு வலிக்குதுன்னு சொன்னான்." தெலுங்கில் 'கடுபு' என்றால் வயிறு, 'நொப்பி' என்றால் வலி. நான் முதல் சொல்லைத் தவறாகக் கேட்டேன், இரண்டாவது சொல்லைக் கேட்கவே இல்லை.

அன்று மாலையே தெலுங்கு கற்பது என்று முடிவு செய்தேன். முப்பது நாளில் தெலுங்கு என்ற வகை நூல் ஒன்றை வாங்கினேன். அதில் ரயில் நிலையத்தில் பேசுவது எப்படி, வங்கியில் பேசுவது எப்படி என்றெல்லாம் இருந்தது. வயிற்று வலி இல்லை. பிறகுதான் குழந்தைகளின் படக்கதை நூல்களுக்கு வந்தேன். அதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் எடுத்த நூலிலேயே தோற்றேன். அழகான படங்கள், பக்கத்துக்கு நான்கு வரிகள், பூச்சிகள் பேசிக்கொள்ளும் கதை. அரை மணி நேரத்தில் மூன்று பக்கம்கூட நகரவில்லை. காரணம் பின்னால்தான் புரிந்தது. குழந்தைக்கான நூல் அந்த மொழியைப் புதிதாகக் கற்பவருக்காக எழுதப்படுவதில்லை. நான்கைந்து ஆண்டுகளாக அந்த மொழியை வீட்டில் கேட்டு வளர்ந்த ஒருவருக்காக எழுதப்படுகிறது. பூச்சியின் உணர்கொம்புக்கும் இலை சலசலப்பதற்கும் உள்ள சொற்கள் அந்தக் குழந்தைக்குத் தெரியும், அல்லது மடியில் வைத்துப் படிப்பவர் சொல்லிவிடுவார். ஸ்டூவர்ட் வெப், ஜான் மெக்காலிஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளிக் குழந்தைகளுக்கான எழுத்தை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே சொல்கிறது. அதைப் படிக்கத் தேவைப்படும் சொல்வளம், பெரியவர்களுக்கான எழுத்துக்குத் தேவைப்படுவதைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

ஆகவே நூலைத் தேர்வதில்தான் பாதி வேலை. எனக்குப் பயன்பட்ட அளவுகோல் இது: பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சின்ன வாக்கியம். ஒரே வாக்கிய அமைப்பு பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வந்து, ஒரு சொல் மட்டும் மாற வேண்டும். மாறும் அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டும்படி படத்தில் இருக்க வேண்டும். எதுகை மோனைப் பாட்டு நூல்களையும் ஒலிக்குறிப்பை நம்பி நடக்கும் கதைகளையும் முதல் இரண்டு மாதம் தொடவே கூடாது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் முதல் நிலை நூல்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நம்முடைய வாசிப்பு இயக்கத்து 'நுழை' நூல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு உடனே பிடிபடும்.

இப்படி எனக்குக் கிடைத்தது ஒரு பூனைக் கதை. பன்னிரண்டு பக்கம். பூனைக்குப் பசிக்கிறது, பாலைத் தேடுகிறது. கட்டிலுக்கு அடியில் பார்க்கிறது, பால் இல்லை. கூரை மேல் பார்க்கிறது, பால் இல்லை. பானைக்குள் பார்க்கிறது, பால் இல்லை. கடைசியில் அம்மா வருகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் 'மஞ்சம் கிந்த', 'இண்ட்டி மீத', 'குண்ட லோபல' என்று கீழே, மேலே, உள்ளே மூன்றும் படத்தோடு வந்துவிடுகின்றன. 'ச்சூசிந்தி' (பார்த்தது), 'லேவு' (இல்லை) ஆகியவை ஒரே வாசிப்பில் பலமுறை வருகின்றன. நான் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிக்கும்போது அந்த ஒலி முழுதாக வராது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் எழுத்தைப் படிக்கவில்லை. வரிகளைக் காகிதத்தால் மூடிவிட்டுப் படங்களை மட்டும் பார்த்து, கதையைத் தமிழில் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு பக்கத்துத் தெலுங்கு வழிப் பள்ளி ஆசிரியை ஒருவர் என் கைப்பேசியில் பதிவு செய்து கொடுத்த வாசிப்பை, வரி வரியாக விரல் வைத்துக் கேட்டேன். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான பதிவு. இரண்டாம் நாள் அவர் குரலோடு சேர்ந்து வாய்விட்டுப் படித்தேன். மூன்றாம் நாள் அவர் ஒரு வரி, நான் ஒரு வரி. நான்காம் நாள் தனியாக உரக்க. ஐந்தாம் நாள் எழுத்தை மூடிப் படத்தைப் பார்த்துச் சொன்னேன். ஆறாம் நாள் பூனையை எடுத்துவிட்டு நாயைப் போட்டேன். 'பில்லி'க்குப் பதில் 'குக்க'. பாலுக்குப் பதில் சோறு. அங்கேதான் ஒன்று தெரிந்தது. பாலுக்கு 'லேவு' என்றவர்கள் 'அன்னம்' என்றதும் 'லேது' என்றார்கள். தெலுங்கில் பால் பன்மையாம், தண்ணீரும் அப்படியே. இதை எந்த இலக்கண விதியாலும் நான் கற்கவில்லை. ஒரு சொல்லை மாற்றியபோது வாக்கியம் இடறியது, குழந்தைகள் திருத்தினார்கள்.

ஒரு வாரம் முடிந்ததும் நூலை மூடி வைத்தேன். பத்தாம் நாள் ஒருமுறை, இருபதாம் நாள் ஒருமுறை எடுத்தேன். மொத்தம் இருபது தடவைக்குக் குறையாது. சலிப்பாக இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும், நான்காம் நாள் வாக்கில். அதனால்தான் ஒவ்வொரு நாளும் வேலையை மாற்றினேன். நூல் மட்டும் மாறவில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹோர்ஸ்டும் உடன் ஆய்வாளர்களும் மூன்று வயதுக் குழந்தைகளிடம் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புதுச்சொற்களை அதே எண்ணிக்கையில்தான் இரு குழுவும் கேட்டன. ஒரு குழு ஒரே கதையைத் திரும்பக் கேட்டது, மற்றது வெவ்வேறு கதைகளைக் கேட்டது. ஒரே கதையைக் கேட்ட குழந்தைகளே சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அது தாய்மொழியில், குழந்தைகளிடம் நடந்தது. நாற்பது வயதுக்காரிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கதை என்ன ஆகும் என்ற கவலை போனபிறகுதான் என் கவனம் சொற்களின் கடைசி ஒலிக்குப் போனது என்பது என் அனுபவம்.

அப்படிக் கவனம் போனபோது கண்ணில் பட்டதுதான் 'வச்சிந்தி'. 'பில்லி வச்சிந்தி' என்றால் பூனை வந்தது. கடைசிப் பக்கத்தில் 'அம்ம வச்சிந்தி'. பூனைக்கும் அம்மாவுக்கும் ஒரே வினைமுடிவு! தெலுங்கில் பெண்பால் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் வினை ஒன்றுதான். "அம்மா வந்துச்சு" என்று எழுதிய பிள்ளைகளை, மரியாதை தெரியவில்லை என்று அதுவரை நான் கடிந்திருக்கிறேன். தஞ்சாவூரிலும் பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம் என்பது வேறு விஷயம்.

இப்போது வாய்விட்டுப் படிப்பது பற்றி. தொடக்கத்தில் தெலுங்கு வரிக்கு மேல் பென்சிலால் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். அது பெரிய தவறு. தெலுங்கில் கோழிக்கு உள்ள சொல்லையும் நூறு லட்சத்துக்கு உள்ள சொல்லையும் தமிழ் எழுத்தில் 'கோடி' என்றுதான் எழுத முடியும். அவர்களுக்கு அவை இரண்டு ஒலி, இரண்டு எழுத்து. பெரியது என்பதற்கான சொல்லைப் 'பெத்த' என்று எழுதிவிட்டு, 'பெற்ற' என்று நம் பேச்சுவழக்கில் சொல்வதுபோல வாசித்தேன். உண்மையில் அங்கே அழுத்தமான, மென்மையான 'த்த' வர வேண்டும். மௌனமாகப் படித்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. உரக்கப் படித்ததால் பதிவும் என் குரலும் வேறு வேறாக இருப்பது கேட்டது. அன்றே அழிப்பான் எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன். எழுத்தைக் கற்க கூடுதலாக மூன்று வாரம் ஆனது, ஆகட்டும். அதுவரை பதிவைக் கேட்டுப் படம் பார்த்துச் சொன்னாலே போதும்.

கேட்காமல் படித்ததால் இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் அம்மா பால் பாத்திரத்தைக் காட்டி 'இக்கட சூடு' என்கிறாள். படத்தில் பாத்திரம், ஆவி. பால் சூடாக இருக்கிறது என்று உறுதியாக நம்பினேன். அந்தச் சொல்லின் ஒலி 'ச்சூடு', பொருள் 'பார்'. படம் ஒத்துப்போனதால் சந்தேகமே வரவில்லை. தமிழ்ச் சொல் போலவே இருக்கும் சொல்லைத்தான் நாம் சோதிக்காமல் விடுவோம். 'ஆகலி' என்ற சொல்லையும் பூனையின் கண்ணீரைப் பார்த்து அழுகை என்று எடுத்துக்கொண்டேன். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையிடம் போய் "ஆகலியா?" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்துணவுத் தட்டை எடுத்து வந்தாள். பசி! அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: படத்திலிருந்து ஊகித்த பொருளை அதே நாளில் தெரிந்த ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்வது.

திரும்பத் திரும்பப் படிப்பதில் உள்ள பெரிய ஏமாற்று, பக்கம் மனப்பாடமாகிவிடுவது. பூனை நூலை நான் பிழையின்றி ஒப்பித்தேன். 'கிந்த' என்ற சொல் வேறொரு நூலில் வந்தபோது நின்றுவிட்டேன். அதனால் ஒரு நூல் முடிந்ததும் அதன் சொற்களைத் துண்டுக் காகிதங்களில் படமின்றி எழுதிக் குலுக்கி எடுக்கிறேன். இன்னொரு நூலில் கண்டுகொண்ட சொல்லை மட்டுமே கற்றதாகக் கணக்கில் வைக்கிறேன். இந்தக் கணக்கில் இரண்டு மாதத்தில் 5 நூல்கள், 150 சொற்கள் அளவில் தேறியது. பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் அவை வீடு, வயிறு, பசி, மேலே, கீழே, பெரியது, சின்னது என்ற சொற்கள். முதல் வகுப்பில் ஒரு நாளை ஓட்ட அவை உதவுகின்றன.

இந்த வழி தராதது ஒன்று உண்டு. கதைகள் 'வந்தது, பார்த்தது, குடித்தது' என்று நடந்ததையே சொல்கின்றன. வகுப்பில் நமக்கு வேண்டியது 'வா, பார், குடி'. 'வச்சிந்தி'யை நூறு முறை படித்த எனக்கு ஒரு குழந்தையை அருகில் கூப்பிடத் தெரியவில்லை. 'வா' என்பதற்குத் தெலுங்கில் 'ரா'. 'வச்சிந்தி'யிலிருந்து அதை ஊகிக்கவே முடியாது. ஆகவே மூன்றாவது நூலிலிருந்து, தாய் பிள்ளையைக் கூப்பிடுவதும் ஏவுவதுமாகப் பேச்சு நிறைந்த கதைகளைத் தேடி எடுத்தேன். நூலின் தெலுங்குக்கும் இங்கே வீடுகளில் பேசும் தெலுங்குக்கும் சொல்முடிவுகளில் வேறுபாடும் இருக்கிறது. நான் நூல்படி சொன்னால் பிள்ளைகள் சிரித்துவிட்டுத் தங்கள் வழக்கில் சொல்வார்கள். நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பூனை நூலை வகுப்பில் நானே உரக்கப் படிக்கிறேன். முதலில் தெலுங்கில், பிறகு அதே பக்கத்தைத் தமிழில். நான் 'பெத்த' என்று தவறாகச் சொன்னால் முன்வரிசையிலிருந்து திருத்தம் வரும். போன வாரம் திருத்தியவன் அந்த வயிற்று வலிப் பையன். நான் சரியாகச் சொல்லும்வரை மூன்று முறை சொல்ல வைத்தான். பிறகு தமிழ்ப் பக்கம் வந்தது. 'பானைக்குள்' என்று அவன் சொல்ல வேண்டும். 'பானைலோபல' என்றான். நானும் மூன்று முறை சொல்ல வைத்தேன்.