வயதுக் குவியலும் அதன் திருத்தமும்

மக்கள்தொகையியலில் பரந்த தலைப்புகள் பல இருக்க, இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ஒரு சின்னப் பிழையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வயதைக் கேட்டால் மக்கள் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று முழுசாகச் சொல்கிறார்களே, அந்தப் பிழையை.

பிறந்த தேதி எழுதிவைக்கப்படாத ஊரில் இது இயல்பு. பல வீடுகளில் பதில் சொல்பவர் ஒருவர்தான்; தம்பி மனைவியின் வயது அவருக்கு உத்தேசமாகவே தெரியும். சில இடங்களில் கணக்கெடுப்பாளரே முகத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார். ஆகவே குவியலை எழுத்தறிவின்மை என்று மட்டும் படிப்பதை நான் ஏற்பதில்லை. சீனாவில் பிறந்த ஆண்டின் விலங்குப் பெயர் எவருக்கும் நினைவிருக்கும். அதனால் எழுத்தறியாத ஹான் மக்களிடமும் குவியல் மிகக் குறைவு.

குவியலை அளக்க 1919இல் ஜார்ஜ் விப்பிள் என்ற அமெரிக்கப் பொறியாளர் எளிய வழி ஒன்று தந்தார். 23 முதல் 62 வரையிலான நாற்பது வயதுகளில், 0 அல்லது 5இல் முடியும் வயது சொன்னவர்களை எண்ணி, ஐந்தால் பெருக்கி, அந்த நாற்பது வயதுகளின் மொத்தத் தொகையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். குவியலே இல்லையென்றால் விடை 100. எல்லாரும் முழு எண்ணே சொன்னால் 500. கற்பனையாக ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 2400 பேரில் 768 பேர் அப்படிச் சொல்லியிருந்தால் குறியீடு 160. ஐக்கிய நாடுகள் அவையின் தரப்பட்டியலில் இது நம்பகம் குறைந்த வகை.

மாணவர்கள் உடனே ஒரு யோசனை சொல்வார்கள்: தனி வயதுகளை விட்டு ஐந்தாண்டுத் தொகுதிகளாகக் கூட்டினால் குவியல் மறைந்துவிடாதா? மறையாது. அதே வட்டாரத்தில் 30–34 வயதில் 420 பேர், 35–39இல் 300 பேர், 40–44இல் 310 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்த தொகுதி இளைய தொகுதியைவிடப் பெரிதாக இருப்பது கண்ணை உறுத்துகிறது. 38, 39 வயதுக்காரர்கள் ‘நாற்பது’ என்று சொல்லி அடுத்த தொகுதிக்குப் போய்விட்டார்கள். ஐந்தைவிடப் பூஜ்யத்துக்கே ஈர்ப்பு அதிகம். அதனால் பூஜ்யத்தில் தொடங்கும் தொகுதி உப்பி, ஐந்தில் தொடங்கும் தொகுதி ஒட்டிப்போகிறது.

பத்தாண்டுத் தொகுதி இதைவிட நம்பத்தக்கது. 30–39 என்ற தொகுதி 28, 29 வயதுக்காரர்களில் சிலரைக் கீழிருந்து பெறுகிறது, 38, 39 வயதுக்காரர்களில் சிலரை மேலே இழக்கிறது. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டிவிடும். மக்கள்தொகையியலாளர் எடுவார்டோ அர்ரியாகாவின் முறை இந்த நம்பிக்கையில் நிற்கிறது. பத்தாண்டுத் தொகையை மாற்றாமல், இருபுறத்து அண்டைத் தொகுதிகளின் போக்கைப் பார்த்து அதை இரண்டாகப் பிரிக்கிறது.

நம் வட்டாரத்தில் 20–29இல் 960 பேர், 30–39இல் 720, 40–49இல் 528. நடுத்தொகையை 11ஆல் பெருக்கினால் 7920. மூத்த தொகுதியின் இரு மடங்கான 1056ஐக் கூட்டி, இளைய தொகுதியின் 960ஐக் கழித்தால் 8016. அதை 24ஆல் வகுத்தால் 334. இதுவே 35–39இன் திருத்திய தொகை. மீதி 386 பேர் 30–34. சொன்னபடி 420, 300 என்றிருந்தது, 386, 334 என்று படிந்துவிட்டது. மொத்தம் அதே 720தான்.

இங்கேதான் கவனம் வேண்டும். இந்தக் கணக்குக்குப் பிழையும் தெரியாது, வரலாறும் தெரியாது. பஞ்சத்திலோ கொள்ளைநோயிலோ ஒரு தலைமுறை உண்மையாகவே மெலிந்திருந்தால், அந்தப் பள்ளத்தையும் சேர்த்து நிரப்பிவிடும். கருவளம் வேகமாகச் சரிந்த இடங்களில் சின்னஞ்சிறு வயதுகளுக்கு இதைப் பூசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சரிவே நாம் தேடும் செய்தி. மேலும் திருத்தப்படுவது கூட்டத்தின் உருவம் மட்டுமே. ‘ஐம்பது’ என்று சொன்ன தனியொரு பெண்ணின் வயதை எந்தச் சூத்திரமும் மீட்டுத் தராது.

அதை மீட்க வாசலிலேயே கேட்க வேண்டும். கணக்கெடுப்பாளர் கையில் உள்ளூர் நிகழ்ச்சிகளின் பட்டியல் இருந்தால், ராமேசுவரத்தில் ஒரு பெண்ணிடம் 1964 டிசம்பர்ப் புயலின்போது நீங்கள் எவ்வளவு பெரிய பிள்ளை என்று கேட்கலாம். ‘ஏழு வயசு, தம்பி கைக்குழந்தை’ என்றால், 2011 கணக்கெடுப்பில் அவருக்கு 53. அவர் வாயில் வந்தது 50.

விப்பிள் குறியீடு காணாத பிழையும் உண்டு. 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் நீண்ட வினாப்பட்டியல் கேட்கும் ஆய்வுகளில், வேலையைக் குறைக்க விரும்பும் கணக்கெடுப்பாளர் 49 வயதுப் பெண்ணை 50 ஆக்கிவிடலாம். 15ஐ 14 ஆக்கலாம். முன்னது முழு எண் விருப்பம் போலவே தோன்றும். பின்னது 23க்குக் கீழே நடப்பதால் குறியீட்டின் பார்வைக்கே வராது. முன்னதைப் பிடிக்க 50–54க்கும் 45–49க்கும் உள்ள விகிதத்தை ஆண்களிலும் பெண்களிலும் தனித்தனியே பார்க்கிறோம். பெண்களிடம் மட்டும் அது துள்ளினால், பிழை பதில் சொன்னவருடையது அல்ல.