மாசச் சாப்பாடு பாதியில நின்னுபோச்சா? மீதிப் பணத்தைக் கணக்கோட கேக்குறது எப்படி

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் சோத்தைப் பத்தி. இன்னும் சரியா சொன்னா, வராத சோத்தைப் பத்தி. மாசம் பூரா சாப்பாட்டுக்கு முன்னாடியே பணம் கட்டியாச்சு, பாதி மாசத்துல டெலிவரி நின்னுபோச்சு. மீதி எவ்வளவு வரணும், அதை எந்த வார்த்தையில கேக்கணும், எழுத்துல என்ன வாங்கி வச்சுக்கணும்னு பாக்கப்போறோம்.

கேஸ் என்னோடதுதான். கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், தேவையும் இல்ல.

நானும் என் ரூம்மேட்டும் ஓஎம்ஆர் பக்கம் தங்கியிருக்கோம். ரெண்டு பேரும் ஒரே கிளவுட் கிச்சன்ல தனித்தனியா மாசத் திட்டம் போட்டிருந்தோம். திங்கள் முதல் சனி வரை, மதியமும் ராத்திரியும். ஜூன் மாசத்துக்கு ஞாயிறு போக 25 நாள், மொத்தம் 50 சாப்பாடு, 4,500 ரூபாய். அதாவது ஒரு சாப்பாடு 90 ரூபாய். கேரியருக்கு டெபாசிட் 300 ரூபாய் தனி.

ஜூன் 18, புதன்கிழமை மதியச் சாப்பாடு வந்துச்சு. சாயந்திரம் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ்: "தவிர்க்க முடியாத காரணங்களால் டெலிவரி தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி." அவ்வளவுதான். திரும்ப எப்போ ஆரம்பிப்பாங்க, பணம் என்ன ஆகும், ஒரு வார்த்தை இல்ல.

நிறுத்தினது யாரு?

இந்த மாதிரி நேரத்துல கை நேரா ஆப்ல இருக்கிற "கேன்சல்" பட்டனுக்குத்தான் போகும். என் ரூம்மேட் மறுநாள் காலைல அதைத்தான் அமுக்கினான். அமுக்கின அஞ்சாவது நிமிஷம் மெயில் வந்துச்சு: உங்கள் ரீஃபண்ட் 1,120 ரூபாய்.

எப்படி 1,120? அவங்க விதிமுறையில ஒரு வரி இருக்கு. வாடிக்கையாளர் நடுவுல விலகினா, அதுவரைக்கும் சாப்பிட்டது மாச ரேட்ல கணக்காகாது. ஒத்தைச் சாப்பாட்டு ரேட்ல, அதாவது 130 ரூபாய்னு கணக்காகும். அவனுக்கு வந்தது 26 சாப்பாடு. 26 இன்டு 130, 3,380. கட்டின 4,500ல அதைக் கழிச்சா 1,120.

அந்த விதி தப்புன்னு நான் சொல்லல. மாசம் பூரா வாங்குறேன்னு சொன்னதுக்குத்தான் 90 ரூபாய் ரேட். நாமளா பாதியில போனா சலுகையைத் திருப்பிக் கேக்குறதுல ஒரு நியாயம் இருக்கு. ஆனா இங்க நாம போகல. அவங்க நிறுத்தினாங்க. அப்போ சாப்பிட்டதுக்கும் 90தான், வராததுக்கும் 90தான். வராதது 24 சாப்பாடு, 2,160 ரூபாய். அந்த ஒரு பட்டனோட விலை 1,040 ரூபாய்.

அதனால முதல் வேலை, கேன்சல் பட்டனைத் தொடாதீங்க. நிறுத்துறோம்னு அவங்க சொன்ன மெசேஜ், தேதியும் நேரமும் தெரியிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட். ஆப்ல இருக்கிற டெலிவரி பட்டியல், விதிமுறைப் பக்கம், பணம் கட்டின ரசீது, இதுக்கெல்லாம் ஒவ்வொண்ணு. ஆப் எப்போ வேலை செய்யாம போகும்னு தெரியாது.

ரெண்டாவது, ஆட்டோபே. ஒண்ணாம் தேதி அடுத்த மாசப் பணம் தானா போற மாதிரி வச்சிருந்தா, உங்க யூபிஐ ஆப்புக்குள்ள போய் அந்த மேண்டேட்டை ரத்து பண்ணுங்க. இது பணம் போறதை மட்டும்தான் நிறுத்தும். கிச்சனோட ஆப்ல இருக்கிற உங்க திட்டத்தை இது கேன்சல் பண்ணாது. நமக்கு வேணும்கிறதும் அதுதான்.

தேதியை எண்ணாதீங்க, சாப்பாட்டை எண்ணுங்க

நான் கேட்டப்போ அவங்க முதல்ல சொன்ன தொகை 1,800. மாசம் 30 நாள், 4,500ஐ வகுத்தா நாளுக்கு 150, மீதி 12 நாள். கேக்க சரியா இருக்குல்ல? இதுல ரெண்டு இடத்துல காசு ஒழுகுது.

ஒண்ணு, 18ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு வரல. 19ல இருந்து எண்ணினா அது காணாம போயிடும். ரெண்டு, அதுக்கு முன்னாடியே வராதது. ஜூன் 7 சனிக்கிழமை ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தோம். முந்தின ராத்திரி ஒன்பது மணிக்குள்ள ஆப்ல பாஸ் போட்டா அந்தச் சாப்பாடு பின்னாடி சேரும்னு அவங்களே சொல்லியிருக்காங்க, அதுபடி பாஸ் போட்டிருந்தோம். அது ரெண்டு சாப்பாடு. 12ஆம் தேதி ராத்திரி டெலிவரி ஆள் வரல, "அட்ஜஸ்ட் பண்ணிடறோம்"னு மெசேஜ் இருக்கு. அது ஒண்ணு.

18 ராத்திரியில இருந்து 30 வரைக்கும் 21 சாப்பாடு. பாஸ் போட்டது 2, வராதது 1. ஆக 24. அந்தப் பக்கத்துல இருந்தும் சரிபாருங்க: கைக்கு வந்தது 26, வராதது 24, கூட்டினா 50. ரெண்டு பக்கமும் டேலி ஆகணும். ஆகலைன்னா அனுப்பாதீங்க, திரும்ப எண்ணுங்க. கணக்குல ஒரு சாப்பாடு பிசகினாலும் அதைப் பிடிச்சுக்கிட்டே ஒரு வாரம் ஓட்டிடுவாங்க.

நான் அனுப்பின மெசேஜ்

மெயில்லயும் வாட்ஸ்அப்லயும் ஒரே வாசகம். கோபம் ஒரு சொட்டு கிடையாது:

"வணக்கம். ஜூன் மாதத்துக்கான 50 சாப்பாட்டுக்கு ரூ.4,500 செலுத்தியுள்ளேன். ஜூன் 18 மாலை நீங்கள் டெலிவரியை நிறுத்துவதாக அறிவித்தீர்கள். நான் திட்டத்தை ரத்து செய்யவில்லை. எனக்கு வந்த சாப்பாடு 26, வராதது 24. நாள்வாரிப் பட்டியல் இணைப்பில் உள்ளது. ஒன்றுக்கு ரூ.90 வீதம் ரூ.2,160, கேரியர் டெபாசிட் ரூ.300, ஆக மொத்தம் ரூ.2,460ஐ நான் பணம் செலுத்திய அதே கணக்குக்கு ஜூன் 30க்குள் திருப்பி அனுப்பவும். கேரியர் என்னிடம் தயாராக உள்ளது. டெலிவரி நின்ற தேதி, நிறுத்தியது நீங்கள் என்பது, வராத சாப்பாட்டின் எண்ணிக்கை, திருப்பித் தரும் தொகை, தரும் தேதி, ஜூலைக்குப் பணம் எடுக்க மாட்டீர்கள் என்பது, இந்த ஆறையும் பதிலில் எழுத்தாக உறுதி செய்யவும்."

இதுல அந்த ஆறு விஷயம்தான் முக்கியம். "ரீஃபண்ட் ப்ராசஸ்ல இருக்கு"ன்னு ஒரு பதில் வந்தா, அதுல தொகை இல்ல, தேதி இல்ல, யாரு நிறுத்தினாங்கன்னும் இல்ல. நாளைக்கு 1,120 அனுப்பிட்டு "ப்ராசஸ் பண்ணிட்டோம்"னு சொன்னா அதுவும் உண்மைதான்.

அப்புறம் நடந்தது

பதில் எழுத்துல வரல, ஃபோன்ல வந்துச்சு. கிச்சனை நடத்துறவர் நல்ல மனுஷன். சமைக்கிறவங்க ரெண்டு பேர் திடீர்னு நின்னுட்டாங்க, வாடகை பாக்கி, "பாத்துப் பண்ணிடறேன் தம்பி, என்மேல நம்பிக்கை இல்லையா"ன்னார். எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. நம்பிக்கை இருக்குண்ணா, எழுத்துல இருந்தா உங்களுக்கும் கணக்கு மறக்காதுன்னேன். ஃபோனை வச்சதும் ஒரு மெசேஜ் போட்டேன்: "அண்ணா, இப்போ பேசினபடி ஜூன் 30க்குள் தருவதாகச் சொன்னீர்கள். தொகை ரூ.2,460. மாற்றம் இருந்தால் சொல்லவும்." வாய்ப்பேச்சை எழுத்தாக்க இது போதும்.

அடுத்த நாள் ஒரு ஆஃபர். ஆப் வாலட்ல 2,700 ரூபாய் போட்டுத் தர்றோம், கேக்குறதை விட 240 அதிகம். வேண்டாம்னேன். அந்த வாலட் பணத்தை அந்தக் கிச்சன்ல மட்டும்தான் செலவு பண்ண முடியும். அடுப்பு எப்போ எரியும்னு அவருக்கே தெரியாதப்போ அது வெறும் நம்பர். அதோட, வாலட்டை ஏத்துக்கிட்டா பணமா கேக்குற உரிமையை நாமளே தளர்த்திக்கிட்ட மாதிரி ஆயிடும்.

அதுக்கப்புறம்தான் அந்த 1,800 கணக்கு வந்துச்சு. பட்டியலைத் திரும்ப அனுப்பி, "இதில் எந்த வரி தவறு?"ன்னு மட்டும் கேட்டேன். ஒரு வரியும் தப்பு இல்ல. 28ஆம் தேதி ஆறு விஷயமும் எழுதி மெயில் வந்துச்சு. 30ஆம் தேதி 2,160, கேரியரைக் கொடுத்த அன்னைக்கு 300. பணம் வந்துச்சான்னு பேங்க் ஸ்டேட்மென்ட்ல யூடிஆர் நம்பரை வச்சுத்தான் பாத்தேன், அவங்க அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டை வச்சு இல்ல.

ரூம்மேட் கதை? 18ஆம் தேதி குரூப் மெசேஜையும், 19ஆம் தேதி கேன்சல் மெயிலையும் சேர்த்து அனுப்பினான். நீங்க நிறுத்தின அப்புறம் நான் அமுக்கின பட்டன் எப்படி விலகினதா ஆகும்னு கேட்டான். மீதி 1,040 வந்துச்சு, ஆனா மூணு வாரம் கழிச்சு.

பதிலே வரலைன்னா

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல நேர்மையற்ற வணிக முறைன்னு ஒரு பட்டியல் இருக்கு. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கின பணத்தை ரசீதுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள, திருப்பித் தர மறுக்கிறதும் அதுல ஒண்ணு. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவங்க கம்பெனியோட பேசிச் சமரசம் பண்ணி வைப்பாங்க, உத்தரவு போட முடியாது. உத்தரவு வேணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கிற இடத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும், ஆன்லைன்லயும் கொடுக்கலாம்.

இதுல ஒரு முட்டுக்கட்டை உண்டு. நிறைய கிச்சன்களுக்கு நம்மகிட்ட இருக்கிறது ஒரு ஃபோன் நம்பர் மட்டும்தான். பேரும் முகவரியும் இல்லாம புகார் நகராது. பில்லைப் பாருங்க, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கத்துல இருக்கும். அதை foscos.fssai.gov.in தளத்துல தேடினா எந்தப் பேர்ல, எந்த இடத்துல பதிவாகியிருக்குன்னு தெரியும். பில்லே தராத கிச்சன்னா, மாசப் பணம் கட்டாதீங்க, வாரத்துக்கு மட்டும் கட்டுங்க. நின்னாலும் நஷ்டம் அஞ்சாறு நாளோட போயிடும்.

இந்த மாசத் திட்டம் ஓடிக்கிட்டு இருக்கிறவங்க, இன்னைக்கு வரைக்கும் எத்தனை சாப்பாடு வந்திருக்குன்னு ஒரு தடவை எண்ணி வச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.