எண்ணும் சொல்லும் எண்ணாச் சொல்லும்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலகின் பல பாகங்களில் வாழும் எங்களுக்கு இன்று ஆங்கிலம் அன்றாட மொழி. ஆனாலும் விண்ணப்பக் கடிதங்களிலும் பிள்ளைகளின் கொப்பிகளிலும் ‘அட்வைஸஸ்’, ‘பேர்னிச்சர்ஸ்’ என்ற சொற்கள் விடாமல் வருகின்றன. இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் வெட்டிவிடுவது வழக்கம். உண்மையில் இது தமிழை ஒழுங்காக அறிந்த பிள்ளை விடும் பிழை.

தமிழில் நாம் அறிவுரைகள், தளபாடங்கள், செய்திகள், தகவல்கள், நகைகள் என்கிறோம். இவை அனைத்தும் நமக்கு எண்ணக்கூடியவை. ஆங்கிலமோ இந்த ஐந்தையும் தண்ணீரைப் போல, அரிசியைப் போல ஒரு திரளாகவே பார்க்கிறது. நாம் ‘தண்ணீர்கள்’ என்று சொல்லாதது போலவே ஆங்கிலேயர் ‘பேர்னிச்சர்ஸ்’ என்று சொல்வதில்லை. கதிரை, மேசை, அலுமாரி ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணுவார்கள்; அவற்றைச் சேர்த்துச் சொல்லும் பெயரை எண்ணமாட்டார்கள்.

பொருளை யோசித்து இதைக் கண்டுபிடிக்கலாமா? முடியாது. மரக்கறிகளும் பலவகைப் பொருள்களின் தொகுதிதான். ஆனால் ‘வெஜிடபிள்ஸ்’ என்பது சரியான ஆங்கிலம். பிரெஞ்சு மொழியில் அறிவுரை, தளபாடம், செய்தி மூன்றையுமே எண்ணலாம். ஆகையால் பாரிசில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்தே இந்தப் பிழையைக் கற்றுக்கொடுக்கும். எதை எண்ணுவது என்பதை ஒவ்வொரு மொழியும் தன் வழக்கப்படி தீர்மானிக்கிறது.

‘நியூஸ்’ இன்னும் விசித்திரமானது. ‘நியூ’ என்ற சொல்லோடு பன்மை விகுதி சேர்ந்து, ‘புதியவை’ என்ற பொருளில் பிறந்த சொல் அது. முற்காலத்தில் அதற்குப் பன்மை வினையும் எழுதினார்கள். இன்று வால் மட்டும் பன்மையாக நிற்க, வினை ஒருமையாகிவிட்டது. ‘த நியூஸ் இஸ் குட்’ என்பதே சரி, ‘ஆர்’ வராது.

ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம். ‘ஐ நீட் மெனி அட்வைஸஸ்’ என்று ஒரு மாணவி எழுதுகிறாள். கடைசி எழுத்தை மட்டும் வெட்டினால் ‘மெனி அட்வைஸ்’ என்று பிழை மிஞ்சும்; ஏனெனில் ‘மெனி’ எண்ணுவதற்குரிய சொல். ‘சம் அட்வைஸ்’ என்று மாற்றினால் வாக்கியம் சரியாகிவிடும். ‘சம்’ இரு வகைச் சொற்களுக்கும் பொருந்துவதால், சந்தேகம் வரும் இடத்தில் அதுவே பாதுகாப்பு. இரண்டு என்று எண்ணியே ஆகவேண்டுமானால் ‘டூ பீசஸ் ஒவ் அட்வைஸ்’. எண்ணிக்கையை ‘பீஸ்’ சுமக்கும், ‘அட்வைஸ்’ அசையாது. நாம் ‘இரண்டு குவளை தண்ணீர்’ என்பதும் இதே முறைதான்.

இனி மறுபக்கம். சந்தையில் நாம் ‘பத்து மாம்பழம் தாங்கோ’ என்கிறோம். பத்து என்ற சொல்லே பன்மையைக் காட்டிவிடுவதால் ‘கள்’ தேவைப்படுவதில்லை. அஃறிணைப் பெயரின் ஒருமை பன்மையை வினையைக் கொண்டு அறியலாம் என்று தொல்காப்பியமே சொல்கிறது: மாடு வந்தது, மாடு வந்தன. ஆனால் உயர்திணையில் இந்தச் சலுகை இல்லை. ‘மூன்று மாணவி வந்தார்கள்’ என்றால் காது ஏற்காது. ‘மூன்று மாணவிகள்’ என்றே வேண்டும்.

எங்கள் அயல்மொழியான சிங்களம் இன்னொரு வழியில் போகிறது. அங்கே ‘பொத’ என்றால் அந்தப் புத்தகம். ‘பொத்’ என்றால் புத்தகங்கள். உயிரற்ற பொருள்களின் பெயர்கள் பலவற்றில் பன்மை வடிவமே சிறியது. ஒருமைக்குத்தான் கூடுதல் ஒலி. பன்மைக்கு எப்போதும் ஏதாவது சேர்க்கவேண்டும் என்ற எங்கள் எண்ணத்தை இது ஒன்றே போக்கிவிடும்.

வெளிநாட்டில் உள்ள சகோதரிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பேரப்பிள்ளை ‘ரெண்டு புத்தகம்’ என்று சொன்னால், ஆங்கிலத்தை நினைத்து ‘புத்தகங்கள்’ என்று திருத்தாதீர்கள். அது நல்ல தமிழ். அதே பிள்ளை ‘ரெண்டு அக்கா வந்தினம்’ என்றால் ‘ரெண்டு அக்காமார்’ என்று எடுத்துச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ‘பேர்னிச்சர்ஸ்’ என்று எழுதினால், வெட்டுவதற்கு முன், தமிழில் அது ஏன் சரி என்பதையும் சொல்லிக்கொடுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை அடுத்த முறை ‘ஜுவலரி’ என்று எழுதும்போது, நகைகளை நினைத்துப் பன்மை சேர்க்குமுன் தானே நின்று யோசிக்கும்.