லிஃப்ட் ஏ.எம்.சி. பில்லில் நாம் படிக்காமல் விட்ட நான்கு வரிகள்

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் சங்கப் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வரவு செலவுக் கணக்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் 'லிஃப்ட்' என்ற தலைப்பில் இந்த ஆண்டு 94,400 ரூபாய் இருக்கிறது. பட்ஜெட்டில் நாம் ஒதுக்கியது 56,640 ரூபாய்தான். மீதி 37,760 எப்படி வந்தது என்று பலர் கேட்டீர்கள். அந்தப் பணம் போனதற்கு என் கவனக்குறைவும் ஒரு காரணம். அதனால் நானே விளக்கம் சொல்லிவிடுகிறேன்.

நம் லிஃப்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்தது. மார்ச் 11-ஆம் தேதியே கம்பெனி புரோஃபார்மா இன்வாய்ஸ் அனுப்பிவிட்டது. தொகை 48,000, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 8,640, ஆக 56,640. அடியில் சின்ன எழுத்தில் 'ரினியூவல் டியூ: மார்ச் 31. கிரேஸ் பீரியட்: 30 நாள்' என்று இருந்தது. நம் வைப்புத்தொகை ஒன்று ஏப்ரல் 14-ஆம் தேதி முதிர்வதாக இருந்தது. முப்பது நாள் அவகாசம்தான் இருக்கிறதே, அந்தப் பணம் வந்ததும் கட்டிவிடலாம் என்று நான் இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 9-ஆம் தேதி சாயங்காலம் லிஃப்ட் நின்றது. மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்து, கதவை இயக்கும் டிரைவ் போர்டு போய்விட்டது என்றார். போன வருடம் வரை இது ஒப்பந்தத்திலேயே மாற்றிக் கொடுத்த பாகம். ஆனால் அவர்கள் சூப்பர்வைசர் போனில், "சார், இன்றைய தேதியில் உங்களுக்கு ஒப்பந்தம் இல்லை. போர்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்" என்றார். கிரேஸ் பீரியட் என்று போட்டிருக்கிறீர்களே என்று கேட்டேன். "அது பணம் கட்டுவதற்குத்தான் சார். முப்பது நாளைக்குள் கட்டினால் பழைய ரேட், மறு இன்ஸ்பெக்ஷன் கிடையாது. சர்வீஸ் பணம் வந்த பிறகுதான்" என்றார்.

போர்டு 32,000, ஜி.எஸ்.டி. 5,760, ஆக 37,760. வேறு வழியில்லாமல் ஏப்ரல் 15-ஆம் தேதி இரண்டையும் சேர்த்துக் கட்டினோம். பதினாறு வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 2,360 ரூபாய் அதிகப்படி. பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஆறு நாள் லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடியில் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்த பாட்டியை, தையல் பிரிக்கப் போகும்போது நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் படியில் இறக்கினோம். அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பாட்டி திட்டவில்லை. "பரவாயில்லப்பா" என்றுதான் சொன்னார்கள். திட்டியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி இது நடக்காமல் இருக்க, அந்த ஒரு பக்க பில்லில் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் கிரேஸ் பீரியட். என்னைப் போலவே பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்வதற்குக் காரணம் ஆயுள் காப்பீடு. அங்கே பிரீமியம் கட்டத் தவறினாலும் கிரேஸ் நாட்களில் பாலிசி உயிரோடு இருக்கும். ஆனால் வண்டி இன்சூரன்ஸை நினைத்துப் பாருங்கள். தேதி முடிந்து 90 நாளைக்குள் புதுப்பித்தால் நோ கிளைம் போனஸ் போகாது, அவ்வளவுதான். இடையில் வண்டி மோதினால் ஒரு பைசா கிடைக்காது. இரண்டிலும் அவகாசம் உண்டு, ஆனால் பொருள் வேறு. லிஃப்ட் கம்பெனி கொடுத்தது இரண்டாவது வகை. பில்லில் 'கிரேஸ் பீரியட் 30 நாள்' என்று மட்டும் இருந்தால் அது எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. 'இந்த நாட்களில் லிஃப்ட் நின்றால் யார் செலவு?' என்ற கேள்விக்கு அந்த வரியில் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் அவகாசமே இல்லை என்று வைத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுவதுதான் நல்லது.

இரண்டாவது, ரினியூவல் தேதி. பில்லில் மூன்று தேதிகள் இருக்கும்: பில் போட்ட தேதி, பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி, ஒப்பந்தக் காலம். இவற்றில் நமக்கு முக்கியம் மூன்றாவதுதான். நாம் ஏப்ரல் 15-இல் பணம் கட்டினோம். வந்த பில்லில் ஒப்பந்தக் காலம் 'ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை' என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏப்ரல் 9-இல் ஒப்பந்தம் இல்லை என்று சொல்லி போர்டுக்குப் பணம் வாங்கினார்கள். அதே ஏப்ரல் 9-க்கும் சேர்த்து ஆண்டுக் கட்டணமும் வாங்கிவிட்டார்கள். ஒன்று, ஏப்ரல் 1 முதல் ஒப்பந்தம் உண்டு என்றால் போர்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இல்லை என்றால் அந்தப் பதினான்கு நாளைக் கடைசியில் சேர்க்க வேண்டும். இதை மெயிலில் எழுதினேன். இரண்டு வாரம் இழுத்தடித்து, ஒப்பந்தக் காலத்தை 'ஏப்ரல் 15 முதல் அடுத்த ஏப்ரல் 14 வரை' என்று மாற்றிக் கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் அது சுமார் 2,170 ரூபாய் பெறுமானம். போர்டுக்குக் கட்டிய பணம் வரவில்லை. ஆனால் இனி நம் லிஃப்ட் ஒப்பந்தம் சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி முடிகிறது. அதை மறக்க முடியாது.

மூன்றாவது, எது உட்படும் என்பது. நம் பில்லில் 'காம்ப்ரிஹென்சிவ் ஏ.எம்.சி., ஒப்பந்த விதிகளின்படி' என்று ஒரே வரி. காம்ப்ரிஹென்சிவ் என்றால் உதிரி பாகமும் சேர்த்து, நான்-காம்ப்ரிஹென்சிவ் என்றால் மாதாந்திர சர்வீஸும் ஆள் கூலியும் மட்டும், பாகத்துக்குத் தனிப் பணம். பொதுவாகச் சொல்வது இதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பொருள் கிடையாது. ஒருவர் இரும்புக் கயிற்றைச் சேர்ப்பார், இன்னொருவர் விலக்குவார். அதனால் 'ஒப்பந்த விதிகளின்படி' என்று இருந்தால், எந்த ஒப்பந்தம், எண் என்ன, தேதி என்ன என்று பாருங்கள். நம் பில்லில் இருந்த எண் பல வருடத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தின் எண். அதன் இணைப்புத் தாள் நம் அலுவலக அலமாரியில் இல்லவே இல்லை. கேட்டு வாங்கிய பிறகுதான், நாம் எதற்குக் காசு கட்டுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

நான்காவது, விலக்குகள். எங்களுக்கு வந்த இணைப்புத் தாளில் மூன்று வரிகள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, மின்சாரம் போனால் லிஃப்டைப் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் ஏ.ஆர்.டி.யின் பேட்டரி. அது ஒப்பந்தத்தில் சேராது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாம்தான் மாற்ற வேண்டும், ஆகவே பட்ஜெட்டில் தனியாக வைக்க வேண்டும். இரண்டு, லிஃப்ட் குழியில் தண்ணீர் புகுந்து ஏற்படும் சேதம். நமக்கு ஸ்டில்ட் பார்க்கிங், டிசம்பர் மழையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்த விலக்கை எந்தக் கம்பெனியும் எடுக்காது. நாம் செய்யக்கூடியது, மழைக்கு முன் குழியைச் சுத்தம் செய்து, காய்ந்திருப்பதை அவர்கள் மெக்கானிக் கையெழுத்தோடு சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதி வாங்குவது. அப்போதுதான் பிற்பாடு ஏதாவது பழுதானால் 'தண்ணீர் ஏற்கெனவே இருந்தது' என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வரிதான் ஆபத்தானது: 'கன்ஸ்யூமபிள்ஸ் சேராது.' எண்ணெய், கிரீஸ் என்று நாம் நினைப்போம். கதவு ரோலர், பிரேக் லைனிங் எல்லாம் தேய்கிற பொருள்தானே, அவையும் இதில் வரும் என்று அவர்கள் சொல்லலாம். இப்படி எவ்வளவும் நீளக்கூடிய சொல் இருந்தால், அதன் பக்கத்தில் பொருட்களின் பெயரை எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

நேற்று ஓர் அம்மா கேட்டார்கள், "பணம் கட்டித்தானே ஆகணும், நாம கேட்டா மாத்துவாங்களா?" என்று. புரோஃபார்மா நிலையில் கேட்டால் பெரும்பாலும் மாற்றுவார்கள். அது வெறும் முன்தாள். பணம் வாங்கி டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டுவிட்டால் அதைத் திருத்துவது அவர்களுக்கும் வேலை, நமக்கும் கெஞ்சல். அதனால் பேச வேண்டியதைக் கட்டும் முன் மெயிலில் பேசிவிட வேண்டும். போனில் சூப்பர்வைசர் "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னது, லிஃப்ட் நின்ற அன்று உதவாது.

கமிட்டி சார்பில் நாங்கள் அனுப்பியிருக்கும் வாசகம் இதுதான். லிஃப்ட் கம்பெனி அடுத்த புரோஃபார்மாவில் இதைச் சேர்ப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது:

"இந்தக் கட்டணம் ஏப்ரல் 15 முதல் அடுத்த ஏப்ரல் 14 வரையிலான காலத்துக்கு. இணைப்பில் பெயர் குறித்துள்ள பாகங்கள் உட்படும். இணைப்பில் பெயர் குறித்துள்ளவை மட்டுமே விலக்கு. காலம் முடிந்தபின் 15 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் ஏற்படும் பழுதுகளும், அவகாசத்துக்குள் கட்டணம் செலுத்தப்பட்டால், இந்த ஒப்பந்தத்தின்படியே சரிசெய்யப்படும். அவகாசத்துக்குள் செலுத்தாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததாகும்."

முப்பது நாளைப் பதினைந்தாகக் குறைத்துக்கொண்டோம். பாதுகாப்பில்லாத முப்பது நாளைவிட, பாதுகாப்புள்ள பதினைந்து நாள் மேல் என்று கமிட்டி முடிவு செய்தது. இதில் ஒரு நிபந்தனையையும் கவனியுங்கள். அவகாசத்துக்குள் பணம் போனால்தான் அந்தப் பாதுகாப்பு. பதினாறாவது நாள் கட்டினால், பத்தாவது நாள் மாற்றிய பாகத்துக்கும் பில் வரும்.

அடுத்து ஜெனரேட்டர் ஒப்பந்தம் வருகிறது. அதன் புரோஃபார்மாவைப் பணம் கட்டுவதற்கு முன் ஏழு நாள் நோட்டீஸ் போர்டிலும் நம் வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். தொகையை மட்டும் பார்த்து "போன வருஷத்தைவிட ஜாஸ்தி" என்று சொல்லாமல், இந்த நான்கு வரிகளையும் படித்து, புரியாத சொல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பதினாறு வீட்டில் ஒருவர் கண்ணிலாவது படட்டும்.

பாட்டி இப்போது நன்றாக நடக்கிறார்கள். இன்று கூட்டத்துக்கு லிஃப்டில்தான் இறங்கி வந்திருக்கிறார்கள்.