பாராட்டுக்கு என்ன பதில்?

நேயர்களே, பிரிஞ்சாங் லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா, "ரசம் நல்லாயிருக்கு" என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்கிறோம். அல்லது மேடையில் நிற்பவர்போல் "நன்றி" என்கிறோம். ஒப்புக்கொண்டால் தற்பெருமை, மறுத்தால் அக்காவின் பேச்சைப் பொய்யாக்குவது. இந்த இழுபறியை அனிதா பொமரன்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978இல் எடுத்துக் காட்டினார். தப்பிக்கப் பழகிய சொல்லைப் போடுவதால்தான் பதில் இயந்திரம் பேசுவதாக ஒலிக்கிறது. "நன்றி" நம் வீடுகளில் அதிகம் புழங்காத சொல் என்பதும் ஒரு காரணம்.

பாராட்டிய பொருளில் ஒன்றைப் பிடித்துச் சொல்லிப் பார்ப்போமே: "மிளகைக் கடைசியில தட்டிப் போட்டேன் அக்கா, அந்த வாசம்தான். இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" பெருமை மிளகுக்குப் போகிறது, அக்காவின் சொல்லும் நிற்கிறது. சமையல் முறை முழுவதையும் ஒப்பிக்கத் தொடங்கினால் மட்டும் ரசம் ஆறிவிடும்!