இருபது பையில் தொடங்குவோம்

(மடவளைப் பகுதித் தோட்டமொன்றில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் பேசியது)



இந்த மழைப் பருவத்தில் ஆளுக்கொரு புதிய வருமான வேலையைச் செய்து பார்ப்போம் என்று போன கூட்டத்தில் பேசினோம். என்ன வேலை என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே தடைதான்: நிலம் நமக்குச் சொந்தமில்லை. அதனால் நிலமே தேவைப்படாத சிப்பிக் காளானைப் பற்றி இன்று சொல்கிறோம். ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இது சம்பளக் கோரிக்கைக்குப் பதில் இல்லை. “அதுதான் காளான் இருக்கிறதே” என்று யாராவது சொன்னால் சங்கம் கேட்டுக்கொண்டிருக்காது.

பத்துக் கிலோ மரத்தூளுக்கு ஒரு கிலோ அரிசித் தவிடு, இருநூறு கிராம் கல்சியம் காபனேற்று, கொஞ்சம் பயற்றம் மா. இதில் ஏறக்குறைய இருபது பை வரும். மா, ரப்பர், அல்பீசியா மரத்தூள் நல்லது. பைனஸ் தூள் வேண்டாம், அதில் பிசின் இருக்கிறது. மருந்தடித்த மரத்தின் தூளும் வேண்டாம். தண்ணீர் ஊற்றிப் பிசைந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. பைகளை இறுக்கமாக நிரப்பி, வாயில் குழாய் வளையம் போட்டு, பஞ்சால் அடைத்து, பீப்பாயில் அடுக்கி ஆவியில் அவிக்க வேண்டும்.

போன வருசம் நாங்கள் நான்கு பேர் தோற்றது இந்த இடத்தில்தான். விறகை மிச்சம் பிடிக்கப் பார்த்து முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிட்டோம். இரண்டாம் கிழமையில் இருபது பையில் எட்டு, பச்சைப் பூஞ்சணம் பிடித்துப் போனது. ஆவி நன்றாக வரத் தொடங்கிய பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும், குறைந்தது இரண்டு மணி நேரம். நன்றாக ஆறிய பிறகு, காற்றடிக்காத அறையில், கையை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு பைக்கு ஒரு மேசைக்கரண்டி வித்துப் போட வேண்டும். பிறகு இருட்டில் வைத்தால் மூன்று நான்கு கிழமையில் பை முழுவதும் வெள்ளையாகிவிடும். நம்முடைய குளிருக்கு இன்னும் சில நாள் பிடிக்கலாம். நடுவில் பச்சைப் புள்ளி கண்டால் அந்தப் பையைத் திறக்காமல் தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.

வெள்ளையான பையைக் கீறி, ஈரமான கொட்டிலில் வைத்துத் தண்ணீர் தெளித்தால் காளான் வரும். லயத்தில் படுக்கும் அறையில் வைக்கவே கூடாது. விரிந்து முற்றிய காளானிலிருந்து பறக்கும் தூள் இருமலைக் கொண்டுவரும், இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. ஓரம் மேலே வளையும் முன்பே பறித்துவிட வேண்டும். கொட்டில் போடுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிடுவோம். பிறகு வந்து கழற்றச் சொன்னால் பாடெல்லாம் வீண். அந்தப் பேச்சைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

இனிக் கணக்கு. ஒரு பையில் இரண்டு மாதத்துக்குள் கால் கிலோ என்று வைத்தால் இருபது பைக்கு ஐந்து கிலோ, அதாவது இருநூறு கிராம் பக்கெட் இருபத்தைந்து. கிழமைக்கு மூன்று பக்கெட். பெரிய காசில்லை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் தடவை இதற்கு மேல் போக வேண்டாம். கிழமைக் கடனும் எடுக்க வேண்டாம், குழுவின் சேமிப்பே போதும்.

பறித்த காளான் குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். பத்து வீட்டிலும் ஒரே கிழமையில் பையைக் கீறினால் மடவளைக் கடையும் வத்தேகமக் கடையும் சேர்ந்தாலும் அவ்வளவையும் எடுக்காது, பாதி அழுகிவிடும். அதனால்தான் ஆளுக்கொரு வேலை என்கிறோம். இரண்டு பேர் பை கட்டி அவித்து விற்கட்டும். நான்கு பேர் கிழமைக்கு ஒருவராக முறை வைத்துக் கீறி வளர்க்கட்டும். ஒருவர் நிறுத்துப் பக்கெட் போட்டுக் கடைக்குக் கொண்டுபோகட்டும், பக்கெட்டுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. தூளும் ஈரமும் ஒத்துக்கொள்ளாதவர்கள், காய்ந்து முடிந்த பைகளை வாங்கி மட்க வைத்துச் சாக்குகளில் மிளகாய் நடலாம். அதுவும் விற்கிற பொருள்தான்.

பழகிக்கொள்ளவும் நல்ல வித்து எங்கே கிடைக்கும் என்று கேட்கவும் கன்னொருவையில் விவசாயத் திணைக்களம் இருக்கிறது. அடுத்த கிழமை ஒரு லீவு நாளில் நாங்கள் போகிறோம். கூட வர இரண்டு பேர் பெயர் கொடுங்கள். இன்னொருவர் கடைகளில், கிழமைக்கு எத்தனை பக்கெட் எடுப்பார்கள், என்ன விலை கொடுப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். அது தெரிந்த பிறகுதான் மரத்தூள் வாங்குவோம்.